உளூ இல்லை என்று சொன்னது குற்றமா?

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். பார்க்காதவர்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸலாம் கொடுத்துச் சற்று நேரத்தில் ஹஸ்ரத் எழுந்து நின்று, "எனக்கு உளூ இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது, மன்னியுங்கள்" என்றார். அதற்காக நாற்பது பேர் முன்னிலையில் ஒரு மார்க்க அறிஞரை அப்படித்தான் பேசுவதா? இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

"எங்கள் தொழுகையைப் பாழாக்கிவிட்டார்" என்று கத்தியவர்களுக்கு முதலில் மஸ்அலாவைச் சொல்கிறேன். ஷாஃபி மத்ஹபில், இமாமுக்கு உளூ இல்லாதது தெரியாமல் பின்னால் நின்று தொழுதவர்களின் தொழுகை கூடிவிடும். இமாம் மட்டும் திரும்பத் தொழ வேண்டும். உளூ இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரிகிற விஷயம் இல்லை. தெரிந்துகொள்ள வழியில்லாத ஒன்றுக்குப் பின்னால் நிற்பவரைப் பிடிப்பதில்லை. தெரிந்துகொண்டே நின்றவருக்குத்தான் தொழுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் இமாமின் தொழுகை பின்னால் நிற்பவர்களின் தொழுகைக்குப் பொறுப்பு. அது முறிந்தால் எல்லாருடையதும் முறியும், எல்லாரும் திரும்பத் தொழ வேண்டும். அதனால்தான் இமாம் தன்னால் முடிந்தவரை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறார்கள்.

கவனித்தீர்களா? ஷாஃபியாக இருந்தால் உங்கள் தொழுகைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹனஃபியாக இருந்தால் அவர் சொன்னதால்தான் உங்கள் தொழுகை காப்பாற்றப்பட்டது. இரண்டில் எதை எடுத்தாலும் சொன்னவர் மீது குற்றம் எங்கே இருக்கிறது?

"இமாம் என்றால் கவனம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் மறதி இல்லாத மனிதர் யார்? தொழுவிக்க நின்ற நபி (ஸல்) அவர்களுக்கே குளிப்பு கடமையாக இருந்தது அங்கே நின்ற பிறகுதான் நினைவு வந்தது. "அப்படியே இருங்கள்" என்று ஸஃபுகளில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போய்க் குளித்து, தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து தொழுவித்தார்கள். புகாரியில் இருக்கிறது. அந்த ஸஃபில் நின்ற யாரும் வாய் திறந்து ஏசவில்லை. உமர் (ரலி) அவர்கள் சுப்ஹு தொழுவித்துவிட்டு ஜுருஃபில் இருந்த தம் நிலத்துக்குப் போன பிறகுதான் ஆடையில் குளிப்பைக் கடமையாக்கும் கறையைக் கண்டார்கள். குளித்து, சூரியன் உதித்த பிறகு திரும்பத் தொழுதார்கள். கலீஃபாவுக்கு நேர்ந்தது ஹஸ்ரத்துக்கு நேரக் கூடாதா?

என் அத்தாவும் இமாமாக இருந்தவர். எனக்கு எட்டு வயதிருக்கும். லுஹர் இரண்டாவது ரக்அத்தில் திடீரென்று அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்ற பெரியவரின் கையைப் பற்றி முன்னே நிறுத்திவிட்டு, தலை குனிந்தபடி ஸஃபுகளுக்கு நடுவே வெளியேறினார். மூக்கில் அடிபட்டுவிட்டதோ என்று நான் பயந்துவிட்டேன். உளூ முறிந்தவர் அப்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக வேண்டும் என்று ஹதீஸ் இருப்பதைப் பிறகுதான் சொன்னார். கூச்சப்படுபவர் பேசாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவாம். அன்று யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று அந்த ஹஸ்ரத்தின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அத்தாவின் முகம்தான் தெரிந்தது.

நேற்றைய கூச்சலில் ஒருவர், "பேசாமல் இருந்திருக்கலாமே, யாருக்குத் தெரியப் போகிறது" என்றார். என்னை மிகவும் நோகடித்தது அதுதான். சொன்னவரை இப்படி அவமானப்படுத்தினால் அடுத்த முறை யார் சொல்வார்? உளூ இல்லாமல் தொழுவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறவர்தான் உங்களுக்கு வேண்டுமா? குர்ஆனை நன்றாக ஓதுபவர், பிறகு சுன்னாவை நன்கு அறிந்தவர், பிறகு ஹிஜ்ரத்தில் முந்தியவர், பிறகு வயதில் மூத்தவர் என்று யார் இமாமாக நிற்பது என்பதற்கு முஸ்லிமில் வரும் ஹதீஸ் வரிசை சொல்கிறது. உரக்கப் பேசுபவருக்கு அதில் இடமில்லை.

"நீ ஹஸ்ரத்துக்கு வேண்டியவன், அதனால் பேசுகிறாய்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், வேண்டியவன்தான். என் பிள்ளைகளுக்கு அலிஃப் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

இன்று சுப்ஹுக்கு அவரை முன்னால் நிற்க விடவில்லை. நேற்று அதிகம் கத்தியவர் நின்றார். ஃபாத்திஹாவில் "அன்அம்த" என்ற இடத்தில் "அன்அம்து" என்று ஓதினார். "நீ அருள்புரிந்தாய்" என்பது "நான் அருள்புரிந்தேன்" ஆகிவிட்டது. அர்த்தத்தையே மாற்றும் பிழை அது. திருத்தாமல் போனால் அந்த ஃபாத்திஹா நிறைவேறாது. உளூவைப் போல மறைவான குறையும் இல்லை, எல்லார் காதிலும் விழுகிறது. எனக்கு உடல் சில்லிட்டது. இரண்டாவது ஸஃபில் என் பக்கத்தில் நின்ற ஹஸ்ரத், "அன்அம்த" என்று நிதானமாக எடுத்துக் கொடுத்தார். முன்னால் நின்றவர் ஒரு நொடி நிறுத்தி, திருத்தி ஓதினார்.