குறுந்தொகை, 2017?

எங்கள் தமிழ்த்துறை அறிவிப்புப் பலகையில் திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. துறைத்தலைவர் கையொப்பத்துடன் மூன்றே வரிகள். முதுகலை ஆய்வேடுகள் அனைத்தும் ஏ.பி.ஏ. என்னும் மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்புப்படி அமைய வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் ஏற்கப்படாது. கெடு வைத்ததில் எனக்குக் குறையில்லை. எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றட்டும் என்பதும் நியாயம்தான். முறையின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டதுதான் என்னை வருத்துகிறது.

மறுநாள் என் மாணவி தன் இரண்டாம் இயலோடு வந்தார். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்ற பாட்டின் அடியில் ‘(குறுந்தொகை, 2017, ப. 94)’ என்று இருந்தது. முன்பு அங்கே ‘குறுந். 40:1’ என்றுதான் எழுதியிருந்தார். நாற்பதாம் பாட்டு, முதலடி. எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் கிடைக்கும். இப்போது அந்த ஒரு மறுபதிப்பு கையில் இல்லாதவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சங்கப் பாட்டுக்கு 2017 என்று ஆண்டு போடும்போது அவருக்கே கை கூசியிருக்கிறது. சுற்றறிக்கைக்குப் பயந்து போட்டுவிட்டார்.

ஏ.பி.ஏ. என்பது அமெரிக்க உளவியலாளர் சங்கம் வகுத்த முறை. ஆய்வுக்கூடத்து முடிவுகள் விரைவில் பழசாகும் துறை அது; ஆகவே ஆசிரியர் பெயரை அடுத்து உடனே ஆண்டு வருகிறது. இலக்கியத்துக்குப் பக்க எண்ணை முன்னிறுத்தும், அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் எம்.எல்.ஏ. முறையே பொருந்தும் என்பது என் கருத்து. இருந்தாலும் ஏ.பி.ஏ.தான் என்றால் அதற்குள்ளேயே வழி உண்டு. செவ்வியல் நூல்களுக்குப் பக்க எண்ணை விட்டுப் பாட்டெண், அடியெண் தரலாம் என்று அந்த விதிநூலே சொல்கிறது. மறுபதிப்புக்கு இரண்டு ஆண்டுகளையும் தரலாம். அந்த மாணவி பயன்படுத்தியது 1937-இல் வெளிவந்த உ.வே.சா. பதிப்பின் மறு அச்சு. உரையை மேற்கோள் காட்டினால் ‘(சாமிநாதையர், 1937/2017)’ என்று எழுதினால் போதும். உழைத்தவர் எந்தக் காலத்தவர் என்பது தெரிந்துவிடும்.

பெயர் இன்னொரு சிக்கல். குடும்பப்பெயரை முன்னால் போடு என்கிறது விதி. நமக்கு ஏது குடும்பப்பெயர்? மு. வரதராசன் ‘வரதராசன், மு.’ ஆவதில் தொல்லையில்லை. தலைப்பெழுத்து இல்லாமல் ‘செல்வி ராமசாமி’ என்று அச்சாகியிருந்தால் மென்பொருள் ‘ராமசாமி, செ.’ ஆக்கிவிடும். எழுதியவர் செல்வி, பட்டியலில் நிற்பவரோ அவருடைய தந்தை. பெண் ஆய்வாளர்களின் பெயர்கள் இப்படி மறைவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

இவற்றையெல்லாம் அரைப்பக்கத்தில், மாதிரிகளோடு, பருவத் தொடக்கத்திலேயே கொடுத்திருக்கலாம். நூற்றிருபது நூல்கள் கொண்ட பட்டியலைத் திருத்த, ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஆறு மணி நேரம் ஆகும். கடைசி வாரத்தில், முடிவுரை எழுத வேண்டிய நேரத்தில், பிள்ளைகள் காற்புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அரைப்பக்கத்தை நேற்று இரவு நானே எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சுற்றறிக்கையின் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னார். கெடுவை ஒரு வாரம் தள்ளிவைக்கவும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.