மேல் வரியை வெட்டிவிட்டுப் படம் போட்டவர்களுக்கு

ஒரு இங்கிலீஷ் டீச்சர் தப்புத் தப்பாக எழுதியது என்று சுற்றுகிற அந்தக் கடிதப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். "டீச்சரே இப்படி எழுதினா பிள்ளைங்க உருப்படுமா" என்று என் சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். நானும் பதினெட்டு வருடமாக இங்கிலீஷ் டீச்சர்தான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அது பயிற்சித்தாள் ஐயா. ஒரு சிறுமி கொடைக்கானல் போய்வந்ததைப் பேனா நண்பிக்கு எழுதுகிற கடிதம். "இதில் உள்ள ஐந்து தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்துக" என்று மேலே ஒரு வரி இருந்தது. அதைத்தான் வெட்டிவிட்டீர்கள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த "வி டிட் நாட் வென்ட் போட்டிங்" சும்மா எழுதியதில்லை. தமிழில் 'போகவில்லை' என்ற சொல்லில் காலமே கிடையாது. நேற்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை. இங்கிலீஷில் இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொள்ளும், அதனால் வினை 'கோ' என்றே நிற்கும். நடந்து முடிந்ததாயிற்றே என்று நம் பிள்ளை வினையிலும் ஒருமுறை காலத்தைக் காட்டிவிடும். அந்த இடத்தில்தான் அந்த டீச்சர் கை வைத்திருக்கிறார்.

சரியான வரிகளையும் கவனியுங்கள். "மை அங்கிள் லிவ்ஸ் தேர்" என்று ஒரு வரி. மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார், அதைத் தொடக்கூடாது. "ஐ புட் மை கேப் ஆன் தி வால்" என்று இன்னொன்று. 'புட்' இறந்தகாலத்திலும் 'புட்'தான். இதை 'புட்டட்' என்று திருத்துகிற பிள்ளை கடிதத்தைப் படிக்கவில்லை, கண்ட இடத்தில் வால் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். இது தெரியத்தான் பயிற்சியே.

தவறைப் பார்த்தால் அதுவே மனதில் பதியாதா என்கிறீர்கள். பதியும், சரியான வடிவம் பழகுவதற்கு முன்னால் கொடுத்தால். நானே ஆரம்பத்தில் அவசரப்பட்டுக் கொடுத்து, பரீட்சைத்தாளில் 'டுக்கட்' என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது திருத்திய கடிதத்தை முழுசாக ஒருமுறை எழுத வைத்த பிறகுதான் நோட்டை மூட விடுவேன். சரி, இது கேள்வி, பதில் சொன்னேன். "கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர்தானே" என்பதெல்லாம் கேள்வியா?

ஏழாம் வகுப்பில் இதே 'டிட் நாட் வென்ட்'டை நான் எழுதினேன். வகுப்புக்கு முன்னால் நிறுத்தி மூன்று தடவை படிக்கச் சொன்னார் ஒரு வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் தப்பு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் தப்பு செய்தவள் காகிதத்தில் மட்டும் இருக்கிற சிறுமி. அவளைத் திருத்தும்போது எந்தப் பிள்ளைக்கும் முகம் சுருங்காது. அது உங்களுக்குப் பொறுக்கவில்லை, சிரிக்க ஒரு டீச்சர் வேண்டியிருந்தது.

சித்தப்பாவுக்கு முழுத்தாளையும் அனுப்பி, "அந்த 'புட்' சரியா தப்பா சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து இரண்டு நாளாகிறது.