கடிதம் கொடுத்த அன்றே தவணை நிற்காது

"பேங்க் மேனேஜருக்கு லெட்டர் கொடுத்துட்டா போதும், ஆறு மாசம் கடன் தவணை கட்ட வேண்டாம், வட்டியும் ஏறாது."

இல்லைங்க. கடிதம் வெறும் கோரிக்கைதான். வங்கி எழுத்தில் ஒப்புதல் தரும்வரை பழைய தவணையே நடப்பில் இருக்கும், வட்டியும் ஓடும். நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அப்புறம் பேச்சே வேறு.

பாம்பனில் என் மச்சானுக்கு நாட்டுப்படகு எஞ்சின் கடனில் 3 லட்சம் பாக்கி. வட்டி 12 சதவீதம், தவணை 9,000. முதலில் "கஷ்டத்தில் இருக்கிறேன், கருணை காட்டுங்கள்" என்று எழுதினான். பதிலே இல்லை. இரண்டாவது கடிதத்தை இப்படி எழுதினோம்:

"நண்டு வரத்து குறைந்து என் மாத வருமானம் 24,000-இலிருந்து 14,000 ஆகிவிட்டது. ஏல ரசீதுகளை இணைத்துள்ளேன். ஆறு மாதம் 5,000 வீதம் கட்டுகிறேன். குறையும் தொகைக்கு ஏற்பக் கடன் காலத்தை நீட்டித் தர வேண்டுகிறேன்."

மாத வட்டி சுமார் 3,000. 5,000 கட்டினால் வட்டி போக அசலும் கொஞ்சம் குறையும். மேனேஜர் முதலில் பார்ப்பது அதைத்தான். நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டோம்.

கடிதத்தில் மீன்பிடித் தடைக்காலத்தைக் காரணம் காட்டச் சொன்ன அண்ணனுக்கு: அது விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள், வருஷா வருஷம் வருவது. திடீர் இழப்பு என்றால் எடுபடாது. தவணையை மாற்றி வாங்கினால் சிபில் மதிப்பெண் கெடும் என்றவர் சொன்னது பாதி சரி. அப்படி மாற்றும் மறுசீரமைப்பு சிபிலில் பதிவாகும், ஆனால் தவணை தவறினாலும் பதிவாகும்.

மச்சானுக்கு ஒப்புதல் இன்னும் வரவில்லை. 5,000 கட்டி வருகிறான், மீதி 4,000 மாதாமாதம் நிலுவையில்தான் சேர்கிறது.