ஜிலேபி மீன்ல அடிக்கிற சேத்து வாசம் மீனோட குத்தம் இல்ல

எங்க வீட்ல ஜிலேபி மீன்னு சொன்னாலே அத்தை மூக்க சுளிப்பாங்க. "அது சேறு தின்ற மீனுடா, வாங்கிட்டு வராத"ன்னு ஒரே வார்த்தை. வஞ்சிரம் ஆயிரம் ரூவாய தொட்டப்புறமும் அதே பேச்சுதான். போன மாசம் பிடிவாதமா ரெண்டு கிலோ ஜிலேபி வாங்கிட்டு வந்தேன், கிலோ 160, அன்னிக்கு வறுத்தது சூப்பரா இருந்துச்சு. அடுத்த வாரம் அதே கடை, அதே ஆளு, அதே விலை, வாயில வைக்க முடியல, குளத்து அடிமண்ண நக்குன மாதிரி. ஒரே மீன் எப்படி ரெண்டு ருசில இருக்கும்? அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

மொதல்ல விலை. மலிவா இருந்தா மட்டமா இருக்கும்னு நாமளே ஒரு முடிவுக்கு வந்துடறோம். திருவாரூர் பக்கம் என் மாமா அம்பது சென்ட் குளத்துல ஜிலேபி வளக்குறாரு. ஆறாயிரம் குஞ்சு விட்டா ஆறு ஏழு மாசத்துல ரெண்டு டன் கிட்ட எடுக்கலாம். ஒரு கிலோ மீன் ஏறுறதுக்கு ஒன்றரை கிலோ தீவனம் போதும், அந்தத் தீவனமும் பெரும்பாலும் சோயா, தவிடு, சோளம்தான். ஏன்னா ஜிலேபி இயற்கையிலயே பாசியும் செடியும் திங்கிற ஜாதி. கொடுவா மாதிரி மீன் வளக்கணும்னா மீன் தூள் நெறைய போட்ட தீவனம் வேணும், அதாவது மீன் வளக்க இன்னொரு மீன புடிக்கணும், செலவு அங்கயே எகிறிடும். கடல் மீனுக்கு படகு, டீசல், ஐஸ், பத்து நாள் கடல்ல கெடக்குற ஆளுங்க கூலி, இத்தனையும் விலையில உக்காந்துருக்கு. இங்க வலைய இழுத்தா ரெண்டு மணி நேரத்துல மீன் வண்டியில.

கடைகள்ல தோலில்லாம வெள்ளையா பாசான்னு விக்கிறாங்களே, அந்த வளர்ப்பு கெளுத்தி இன்னும் ஒரு படி மேல. அதால தண்ணிக்கு மேல வந்து காத்த வாயால எடுத்து சுவாசிக்க முடியும், அதனால மத்த மீன் செத்து மிதக்கிற தண்ணியிலயும் நெருக்கமா அடைச்சு வளக்கலாம். வியட்நாம்ல மீகாங் ஆத்தோரம் ஒரு ஹெக்டேர் குளத்துல ஒரு தடவைக்கு 200, 300 டன் எடுக்குறாங்க. மாமாவோட குளத்த ஒரு ஹெக்டேருக்கு கணக்கு போட்டா பத்து டன்தான் வரும். அப்பறம் விலை எப்படி ஏறும் சொல்லுங்க.

இதுல இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்கு ஜிலேபி மேல இருக்கிற கோவம் பழைய கோவம். 1952ல இந்தியாவுக்கு வந்தது மொசாம்பிக் ஜாதி. மூணு மாசத்துலயே முட்டை போட ஆரம்பிச்சு, தாய் மீன் முட்டைய வாயில வச்சு காப்பாத்தி, குளம் பூரா குட்டி குட்டியா ரொம்பிடும், எதுவும் வளராது, வெறும் முள்ளு. இப்ப வர்றது நைல் ஜாதிய 1988லேர்ந்து பிலிப்பைன்ஸ்ல தெரிவு பண்ணி மேம்படுத்துன கிஃப்ட் ரகம், அதுலயும் ஆண் மீனா மட்டும் விடுறாங்க. ஆணாக்க ஹார்மோன் குடுக்குறாங்களேன்னு கேப்பீங்க. ஆமா, சில பொரிப்பகத்துல குஞ்சுக்கு மொத மூணு நாலு வாரம் தீவனத்துல கலந்து குடுப்பாங்க, அப்ப அது ஒரு கிராம் கூட இருக்காது. உங்க சட்டிக்கு வர்றது அதுக்கப்பறம் ஆறு மாசம் கழிச்சு.

சரி, ருசிக்கு வரேன். கடல் மீனுக்கு உப்புத் தண்ணிய சமாளிக்க உடம்புக்குள்ள சில அமினோ அமிலங்கள சேத்து வச்சுக்க வேண்டியிருக்கு, அதுதான் நாக்குல இனிப்பும் ஒரு கனமுமா தெரியுது. குளத்து மீனுக்கு அந்த வேலை இல்ல, அதனால சப்புன்னு இருக்கும். இது கொறையில்ல, மசாலாவ நல்லா வாங்கிக்கும், அவ்ளோதான். வஞ்சிரம் மாதிரி உப்பு மஞ்சள் மட்டும் போட்டு வறுத்துட்டு ருசி இல்லன்னு சொன்னா தப்பு நம்ம பேர்ல.

சேத்து வாசம் வேற கதை. அது சேறே இல்ல. ஜியோஸ்மின்னு ஒரு பொருள், குளத்துல நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாவும் உண்டாக்குது. மொத மழைக்கு மண்ணுலேர்ந்து ஒரு வாசம் கெளம்புதே, நாம உருகி உருகி கவிதை எழுதுவோமே, அதே சாமான்தான்! மழையில வந்தா மண்வாசனை, மீன்ல வந்தா நாத்தம். மீன் அத திங்கிறதுகூட இல்ல, செவுள் வழியா தண்ணியிலேர்ந்து சில மணி நேரத்துல ஏறி கொழுப்புல போய் உக்காந்துக்கும். அதனாலதான் கொழுப்பு கூடுன கெளுத்தியில இன்னும் அதிகமா தங்கும், வயித்துப் பக்கம் வால் பக்கத்த விட மோசமா இருக்கும்.

ஏறுறதுக்கு மணி நேரம், எறங்குறதுக்கு நாள் கணக்கு. சுத்தமான ஓடுற தண்ணியில தீவனம் போடாம நாலு அஞ்சு நாள் விட்டா பெரும்பாலும் போயிடும், கொழுப்பு மீனுக்கு இன்னும் கூட ஆகும். மாமா வீட்டுக்குன்னு பத்து மீன அறுவடைக்கு முன்னாடியே புடிச்சு போர் தண்ணி தொட்டியில விட்டுடுவாரு. மொத தடவ தொட்டிச் சுவத்துல பாசி வழுவழுன்னு இருந்ததை யாரும் பாக்கல, அஞ்சு நாள் கழிச்சும் அதே வாசம், ஏன்னா அந்தப் பாசிப்படலத்துலேர்ந்தே திரும்ப ஏறிடுச்சு. அப்பறம் தேய்ச்சுக் கழுவிட்டு விட்டாரு, சரியாச்சு.

"அப்ப விக்கிற மீனையும் இப்படி பண்ணலாமே மாமா?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு. "மாப்ள, பட்டினி போட்டா நூறு கிலோவுக்கு மூணு நாலு கிலோ கொறையும், ரெண்டு டன்னுக்கு அறுபதுலேர்ந்து எண்பது கிலோ. எட்டாயிரம் ரூவா வரைக்கும் போச்சு. வியாபாரி அதுக்கு ஒரு ரூவா கூட தருவானா? வண்டி வர்ற அன்னிக்கு புடிச்சுக் குடுக்கணும், அம்புட்டுதான்." இதான் விஷயம். அந்த 160ங்கிற மலிவுல ஒரு சின்ன பங்கு, இந்த அஞ்சு நாள் வேலைய செய்யாம விட்டதால வந்தது. அமெரிக்காவுல மிசிசிப்பி பக்கம் கெளுத்தி வாங்குற ஆலைங்க, குளத்துலேர்ந்து ஒரு மீன எடுத்து உப்பில்லாம மைக்ரோவேவ்ல வேக வச்சு, ருசி பாக்குறதுக்குன்னே ஒரு ஆள வச்சு சோதிப்பாங்க, வாசம் இருந்தா அந்தக் குளத்துல வலையே போட மாட்டாங்க. இங்க அந்த சோதனை நம்ம தட்டுல நடக்குது.

நான் இப்ப வீட்ல பண்றது இதான். வாங்கிட்டு வந்ததும் வயித்து ஓரத்துலேர்ந்து ஒரு விரல் அளவு துண்ட உப்பு போடாம மூடி வேக வச்சு, மூடிய தொறந்த உடனே மோந்து பாப்பேன். வாசம் இல்லன்னா வறுவல். லேசா இருந்தா புளிக்குழம்பு. புளிப்பு பட்டா ஜியோஸ்மின் வாசமில்லாத இன்னொரு பொருளா மாறும், நம்ம பாட்டிங்க குளத்து மீன புளித்தண்ணியில ஊற வச்சு கழுவுனதுக்கு காரணம் இதான். தோலையும் வயித்துக் கொழுப்பையும் எடுத்துடறேன். ரொம்ப தூக்கலா இருந்தா புளியும் காப்பாத்தாது, பூனைக்குதான்.

போன ஞாயித்துக்கெழம கடைக்காரர்கிட்ட கேட்டேன், "அண்ணே, உயிரோட வர்ற மீன அஞ்சு நாள் நல்ல தண்ணியில போட்டு வச்சுக் குடுங்க, கிலோவுக்கு 20 ரூவா சேத்து தரேன்." அவரு தராச தொடச்சுக்கிட்டே, "உங்க ஒருத்தருக்காக தொட்டி கட்ட சொல்றீங்களா சார், ஒரு இருவது பேர கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்"னாரு. நம்ம ஏரியால யாருக்காவது இஷ்டம் இருந்தா கமெண்ட்ல கை தூக்குங்க, அத்தைய சேத்தா ரெண்டு பேர் ஆச்சு, அவங்கள இன்னும் சம்மதிக்க வைக்கல.