திராட்சையை நறுக்கச் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், குழந்தையின் முதல் பிறந்தநாள் விழாவில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். "நல்ல நாள் அதுவுமா அபசகுனமாப் பேசினா" என்று ஒருவர். "பிள்ளை பெத்து வளர்த்தவங்களுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரியும்?" என்று இன்னொருவர். பேசாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நான் செய்தது இவ்வளவுதான். பிறந்தநாள் குழந்தையின் கையில் முழுத் திராட்சை ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, மேஜையிலிருந்த கிண்ணத்தை உள்ளே எடுத்துப்போய் கத்தி கேட்டேன். பாப்கார்ன் தட்டைப் பெரியவர்கள் பக்கம் நகர்த்தினேன்.

ஒரு வயதில் பெரும்பாலும் முன்பற்கள்தான் இருக்கும். அந்தக் குழந்தை கடிக்கும், ஆனால் அரைக்காது. அரைக்கக் கடைவாய்ப்பல் வர வேண்டும். திராட்சையோ வழவழவென்று உருண்டையானது, அமுக்கினால் அமுங்கும். மெல்லாமலே வழுக்கிப்போய் மூச்சுக்குழல் வாயில் தக்கை போல உட்கார்ந்துவிட்டால், காற்றுப் போக இடுக்கே இருக்காது. அப்போது குழந்தை அழாது, இருமாது. சத்தம் வருவதற்கே காற்று வேண்டும். ஸ்பீக்கர் அலறுகிற மண்டபத்தில், சத்தமே போடாத ஒரு குழந்தையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"ரெண்டா வெட்டித்தானே வெச்சிருந்தோம்" என்கிறார்கள். சிலதை வெட்டியிருந்தார்கள், குறுக்கே. குறுக்கே வெட்டினால் அந்த வட்டம் அப்படியே இருக்கும். காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில் நான்காகக் கீற வேண்டும், விதை இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஐந்து வயது வரை இப்படித்தான் கொடுக்க வேண்டும். ஒரு கிண்ணத் திராட்சைக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"நாங்கல்லாம் கடலை தின்னு வளரலையா?" வளர்ந்தோம். என் அக்கா மகனும் வளர்ந்துவிட்டான். ஆனால் நடுவில் ஒரு கடலைப் பருப்பு அவன் நுரையீரல் குழாய்க்குள் போனது. தின்னும்போது ஒரு தடவை புரையேறியது, அப்புறம் சரியாகிவிட்டான். பிறகு இருமல். சளி என்று மருந்து, வீசிங் என்று மருந்து. கடைசியில் ஒரு டாக்டர் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, "வலது பக்கம் மட்டும் விசில் சத்தம் வருது, ஏதாவது முழுங்கினானா?" என்று கேட்டார். மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். ஊறிப்போன அந்தப் பருப்பைச் சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். அக்கா அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தவள் நான். பெற்றால்தான் தெரியும் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பாப்கார்னும் அதே கதைதான். லேசானது, சிரிக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். நான்கு வயது வரை வேண்டாம். மெத்தென்ற இட்லித் துண்டு, நசுங்கும்வரை வேகவைத்த கேரட், கனிந்த வாழைப்பழம் போதும். அதையும் உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். ஓடுகிற குழந்தையின் பின்னால் போய் ஊட்டக் கூடாது.

பலூனையும் கழற்றச் சொன்னேன் என்று கோபம். ரப்பர் பலூனை எட்டாத உயரத்தில் கட்டுங்கள் என்றுதான் சொன்னேன். வெடித்த துண்டுகள் தரையில் கிடந்தன, தவழுகிற குழந்தைகள் பக்கத்திலேயே. வாயில் போனால் அந்த ரப்பர் மூச்சுக்குழல் வாயில் மூடிபோல ஒட்டிக்கொள்ளும், முதுகில் தட்டினாலும் லேசில் வராது. அமெரிக்காவில் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊதாத பலூனும் உடைந்த பலூனும் ஆபத்து என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். நான் கிளப்பிவிட்ட பயம் இல்லை இது.

"ஏதாவது ஆனா பார்த்துக்க மாட்டோமா?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? சத்தமாக இருமினால் இருமவிட வேண்டும். சத்தமே வராவிட்டால், ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். கூட இருப்பவர் 108ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும். அந்த மண்டபத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க நின்றவள் நான். அவனுக்குக் கெட்டது நினைத்தேன் என்று நீங்கள் எழுதியதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. நேரில் கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை? அடுத்த விழாவுக்கு என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் விருப்பம். கூப்பிட்டால், நான் வந்து முதலில் அந்தத் திராட்சையைத்தான் நறுக்குவேன்.