பெயிண்டிங் பில்லில் அரைக்கால்தான் கழிக்கணும், பாதி இல்லை

ஒர்க்‌ஷாப் பில் 75,000 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனி தருவது 48,200. மீதி 26,800-ஐக் கட்டினால்தான் வண்டிச் சாவி கைக்கு வரும். கவுண்டரில் இருந்த தம்பி ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார்: "டிப்ரிசியேஷன் போயிருக்குண்ணே. எல்லாருக்கும் இப்படித்தான் வரும்."

எல்லாருக்கும் இப்படித்தான் வருகிறது என்றால், எல்லாருடைய பணமும் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கணக்கு ஒருநாள் தேவைப்படும்.

2024 நவம்பர் 16-ம் தேதி ராத்திரி. வாடிப்பட்டியில் ஒரு வீட்டு விசேஷம் முடிந்து மதுரை திரும்பிக்கொண்டிருந்தோம். சமயநல்லூருக்கு முன்னால், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் போனது. கண்ணில் பட்டபோது தூரம் இல்லை. பிரேக்கை மிதித்து வலதுபக்கம் ஒடித்தும் இடதுபக்க முன்பகுதி போய் மோதிவிட்டது. எங்கள் யாருக்கும் அடி இல்லை, அதுவே பெரிசு. பம்பர், கிரில், இடது ஹெட்லைட், பானெட், ஃபெண்டர், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் போனது. முன் கண்ணாடி விரிந்துவிட்டது.

என்னிடம் இருந்தது சாதாரண முழுக் காப்பீடு, 'பம்பர் டு பம்பர்' என்று சொல்கிற ஜீரோ டிப்ரிசியேஷன் இல்லை. ஆகவே தேய்மானம் கழிப்பது சரிதான். கழிக்கவே கூடாது என்று நான் சண்டை போடவில்லை. எவ்வளவு கழிக்கலாம் என்பதற்குப் பாலிசிப் புத்தகத்திலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கழிக்க, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கு உரிமை கிடையாது. என் சண்டை அவ்வளவுதான்.

அந்த அட்டவணை எளிமையானது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்குப் பாதி கழியும். ஃபைபர் கிளாஸ் என்றால் 30 சதவீதம். கண்ணாடிக்கு எதுவும் கிடையாது, பூஜ்யம். இரும்பு, அலுமினியம் உள்ளிட்ட மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்க்க வேண்டும்: ஆறு மாதம் வரை ஒன்றும் இல்லை, ஒரு வருஷம் வரை 5 சதவீதம், இரண்டு வருஷம் வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. லேபருக்குக் கழிவே இல்லை. ஆள் செய்த வேலை எப்படித் தேயும்?

கையில் ஒரு தொகையை மட்டும் சொல்லி அனுப்பினால் இதில் எதையும் சரிபார்க்க முடியாது. எனக்கும் முதலில் ஒரு தொகைதான் சொன்னார்கள். சர்வே ரிப்போர்ட்டும், பாகம் பாகமாகப் போட்ட அசெஸ்மென்ட் ஷீட்டும் வேண்டும் என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். "அது ஆபீஸ் டாக்குமென்ட் சார்" என்று போனில் சொன்னவர்கள், எழுத்தில் கேட்டதும் நான்காம் நாள் அனுப்பினார்கள். கேட்டால் தர வேண்டிய காகிதம்தான் அது. போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

ஷீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் சாமான் 16,000, அதில் பாதி 8,000-ஐ சர்வேயர் கழித்திருந்தார். பம்பர், கிரில், ஹெட்லைட், வீல் ஆர்ச் லைனர். சரி, ஒப்புக்கொள்கிறேன். கட்டாயக் கழிவு 1,000, அதுவும் சரி. 1,500 சிசி வரைக்கும் அதுதான். லேபர் 9,400-ல் கை வைக்கவில்லை. தப்பு மூன்று இடத்தில் இருந்தது.

முதல் தப்பு வண்டியின் வயது. என் வண்டி பதிவானது 2021 நவம்பர் 28. விபத்து 2024 நவம்பர் 16. அன்றைக்கு மூன்று வருஷம் முடியவில்லை, பன்னிரண்டு நாள் பாக்கி. ஆகவே 15 சதவீதம். சர்வேயரோ 25 போட்டிருந்தார். எப்படி என்று பார்த்தால், வேலை முடிந்தபின் அவர் மறுபடி வந்து பார்த்தது டிசம்பர் 6-ம் தேதி. அந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிட்டிருக்கிறார். நஷ்டம் நடந்தது நவம்பரில். அவர் எப்போது வந்து பார்த்தார் என்பதை வைத்தா என் பானெட் பழசாகும்? உலோகப் பாகங்கள் 28,000. 4,200 கழிய வேண்டிய இடத்தில் 7,000. இதில் மட்டும் 2,800 ரூபாய்.

இரண்டாவது, முன் கண்ணாடி. 7,600 ரூபாய்க் கண்ணாடியில் 3,800-ஐக் கழித்திருந்தார். கேட்டதற்கு, "அது லேமினேட்டட் சார், நடுவில் பிளாஸ்டிக் ஷீட் இருக்கு" என்றார். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய படலம் இருப்பது உண்மை. உடைந்தால் சிதறாமல் இருக்கத்தான் அது. அதற்காக முன் கண்ணாடி பிளாஸ்டிக் பாகம் ஆகிவிடுமா? ஓரத்தில் ஒட்டும் ரப்பருக்குப் பாதி கழித்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் பெரிசு, பெயிண்டிங். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 'பெயிண்டுக்குப் பாதி' என்பது காதில் விழும்போது நியாயமாகத்தான் படுகிறது.

ஒத்தக்கடையில் பெயிண்டர் வேலை பார்க்கும் ஒரு நண்பரிடம் கேட்டேன். "ஒரு பானெட் அடிக்க பெயிண்ட் எவ்வளவுண்ணே ஆகப்போகுது? பட்டி போட்டு, தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, திரும்பத் தேய்ச்சு, கலர் மேட்ச் பண்ணி, கடைசியா பாலிஷ். கூலிதான் முக்காவாசி" என்றார். அட்டவணையை எழுதியவர்களும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பெயிண்டிங்கில் பாதி கழிப்பது பொருள் செலவில் மட்டும். பொருள் தனி, கூலி தனி என்று பில் பிரிந்திருந்தால் பொருளில் பாதி. மொத்தமாக ஒரே தொகையாக இருந்தால், அதில் 25 சதவீதத்தைப் பொருள் என்று வைத்துக்கொண்டு அதில் பாதி. அதாவது மொத்த பெயிண்டிங் தொகையில் எட்டில் ஒன்று. நம் பழைய கணக்கில் சொன்னால் அரைக்கால்.

என் பெயிண்டிங் பில் 14,000, ஒரே தொகை. அதில் கால் பங்கு 3,500. அதன் பாதி 1,750. கழிய வேண்டியது இவ்வளவே. அவர் கழித்தது 7,000. ஒரே வரியில் 5,250 ரூபாய் அதிகம்.

மூன்றையும் கூட்டினால் 11,850. எனக்கு வர வேண்டியது 60,050, வந்தது 48,200.

பணம் கட்டாமல் வண்டி வராது, வண்டி இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. ஆகவே 26,800-ஐக் கட்டினேன். ஆனால் 'முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்' என்று அச்சடித்த காகிதத்தில் வெறுமனே கையெழுத்துப் போடவில்லை. "தேய்மானக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை, மீதியைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கையெழுத்திடுகிறேன்" என்று பேனாவால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டேன். ஏற்கனவே எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டவர்களும் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்று நாம்தான் காட்ட வேண்டிவரும். முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பாடு குறையும்.

அப்புறம் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு பக்கத்தில் கடிதம். கோபத்தை எல்லாம் வெளியே வைத்துவிட்டு, மூன்று வரிக் கணக்கு மட்டும்: எவ்வளவு கழித்தீர்கள், அட்டவணைப்படி எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. கூடவே ஆர்.சி. நகல், பில், அசெஸ்மென்ட் ஷீட், பாலிசியின் அட்டவணைப் பக்கம். வந்த பதில் ஒரே வாக்கியம்: சர்வேயரின் மதிப்பீடே இறுதியானது.

இந்த வாக்கியத்தைப் படித்துத்தான் எனக்கு உண்மையிலேயே மனசு கொதித்தது. ஏனென்றால் அது சட்டத்துக்கே விரோதம். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட வாகன கிளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும் என்று சொல்லும் 1938-ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 64UM பிரிவே, அவர் சொன்ன தொகையிலிருந்து மாறுபட்ட தொகையைத் தரக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். அதே கடிதத்தை, இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்வை செய்யும் ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா புகார் தளத்திலும் (bimabharosa.irdai.gov.in) பதிவு செய்தேன். அங்கே பதிவானால் அது கம்பெனிக்கே போகும், ஆனால் பதில் தந்தார்களா என்பதை மேலிருந்து பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் 6,600 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. வயதுக்கு 2,800, கண்ணாடிக்கு 3,800. விளக்கம் இல்லை, வருத்தம் இல்லை. முதலிலேயே சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் மூன்று மாத அலைச்சல் மிச்சம்.

பெயிண்டிங்கில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறார்கள். காரணம் இதுதான்: ஒர்க்‌ஷாப் பில்லில் அந்த 14,000 ரூபாயை உதிரிப் பாகங்கள் பத்தியில் அச்சடித்துவிட்டார்கள். "இது முழுக்கப் பொருள் செலவு, ஆகவே பாதி" என்கிறது கம்பெனி. நான் ஒர்க்‌ஷாப்புக்கே போய், அந்தத் தொகை கூலியும் பொருளும் சேர்ந்த மொத்தப் பெயிண்டிங் கட்டணம் என்று லெட்டர்பேடில் எழுதி வாங்கினேன். மேனேஜர் முதலில் தயங்கினார், கம்பெனியோடு அவருக்குத் தினமும் வேலை இருக்கிறது. "பொய் எழுதச் சொல்லலை சார், நீங்க போட்ட பில்லு என்னன்னு சொல்லுங்க, போதும்" என்றேன். எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு இந்த நிலை வர வேண்டாம். பில் போடும் முன்பே பெயிண்டிங்கை லேபர் பக்கத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள், அல்லது பொருளையும் கூலியையும் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

அந்தக் கடிதத்தோடு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, விண்ணப்பம் போட்டுவிட்டேன். தமிழ்நாடு முழுக்க அந்த அலுவலகத்தின் கீழ்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் போகலாம். அங்கே வரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நமக்குப் பிடிக்கவில்லை என்றால் நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள்.

"5,250 ரூபாய்க்கா இவ்வளவு?" என்று என் மனைவியின் தம்பியே கேட்டார். மாப்பிள்ளை, அது என் பிரீமியத்தில் முக்கால்வாசி. நான் ஒரு மாதம் தள்ளிக் கட்டினால் அவர்கள் பாலிசியை உயிரோடு வைத்திருப்பார்களா?

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. ஆர்.சி., அசெஸ்மென்ட் ஷீட், ஒர்க்‌ஷாப் கடிதம், பாலிசிப் புத்தகத்தின் அந்த ஒரு பக்கம் எல்லாம் ஒரு ஃபைலில் தயாராக இருக்கிறது. இதே மாதிரி பெயிண்டிங்கில் பாதி போனவர்கள் உங்கள் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கமெண்டில் தொகையை மட்டும் எழுதுங்கள், உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.