ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷின்

லைசென்ஸ் ராஜ்யம் என்று பேச்சு எடுத்தாலே நம் ஆட்கள் நேராக லஞ்சத்துக்குப் போய்விடுகிறார்கள். யார் எவ்வளவு வாங்கினார், எந்த அமைச்சர், எந்த அதிகாரி. லஞ்சம் கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் லஞ்சப் பணம் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகிறது, நாட்டுக்குள்ளேதான் இருக்கிறது. லைசென்ஸைப் பிடிப்பதற்காக வீணான உழைப்பும் இரும்பும் சிமென்ட்டும் யார் பைக்கும் போகவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதன் மேல்தான்.

அந்தக் காலத்து ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்நியச் செலாவணிக்குக் கடும் தட்டுப்பாடு. தொழிற்சாலைக்கு வேண்டிய மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்க அரசின் இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். கேட்கிற எல்லோருக்கும் கொடுக்க டாலர் இல்லை. அப்படியானால் யாருக்கு எவ்வளவு? பல தொழில்களில் ஆலையின் நிறுவு திறனைப் பார்த்துப் பங்கு பிரித்தார்கள். பெரிய ஆலைக்குப் பெரிய பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரே அளவில் இரண்டு ஆலைகள். மொத்தம் 30 லட்ச ரூபாய்க்கு இறக்குமதி லைசென்ஸ், ஆளுக்கு 15 லட்சம். லைசென்ஸில் 100 ரூபாய்க்கு வருகிற சரக்கு உள்ளூர்ச் சந்தையில் 160 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருள் பற்றாமல் இரண்டு ஆலையிலும் பாதி மெஷின்கள் ஏற்கெனவே சும்மா நிற்கின்றன. அப்படி இருந்தும் முதல் ஆலைக்காரர் இன்னும் அவ்வளவு மெஷின்களை வாங்கிப் போடுகிறார். அவர் திறன் இரட்டிப்பாகிறது, பங்கு 20 லட்சத்துக்கு ஏறுகிறது. கூடுதலாகக் கிடைத்த 5 லட்சத்தில் அவருக்கு வருஷத்துக்கு 3 லட்சம் லாபம். அவர் முட்டாள் இல்லை, கணக்குத் தெரிந்தவர். அடுத்த வருஷம் இரண்டாவது ஆலைக்காரரும் அதையே செய்கிறார். மறுபடி ஆளுக்கு 15 லட்சம். நாட்டுக்குள் ஒரு கிலோ மூலப்பொருள்கூட அதிகமாக வரவில்லை. ஓடாத மெஷின்கள் மட்டும் பெருகிவிட்டன.

மூலதனமே இல்லாமல் தவித்த ஏழை நாட்டில் இது நடந்தது. முதலீடு செய்தவர் அவரவர் நிலையில் சரியாகவே யோசித்தார் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

இந்த நடத்தைக்கு 'ரென்ட் சீக்கிங்' என்று பெயர் வைத்த பொருளாதார அறிஞர் ஆன் க்ரூகர், 1974-இல் எழுதிய கட்டுரையில் இந்தியாவையும் துருக்கியையும் உதாரணமாக எடுத்துக்கொண்டார். 1964-இல் இங்கே இப்படிப் பங்கீட்டால் உண்டான ஆதாயத்தின் மதிப்பு நாட்டு வருமானத்தில் சுமார் 7.3 சதவீதம் என்பது அவருடைய கணிப்பு. அதில் பெரும்பகுதி இறக்குமதி லைசென்ஸ் மட்டுமே. அது தோராயமான கணக்கு. அவ்வளவும் வீணாயிற்று என்றும் சொல்ல முடியாது. ஆனால் கைக்கு எட்டும் ஆதாயம் அவ்வளவு பெரிதாக இருந்தால், அதைப் பிடிக்க ஆளும் பணமும் எந்த அளவுக்கு ஓடியிருக்கும் என்று யோசியுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி புது ஆலை தொடங்கவும் லைசென்ஸ் வேண்டும். நாட்டுக்கு இவ்வளவு உற்பத்தி போதும் என்று டெல்லியில் ஓர் இலக்கு வைப்பார்கள். அதற்கான லைசென்ஸ்கள் தீர்ந்துவிட்டால் அடுத்து வருபவருக்குக் கதவு மூடப்படும். அப்புறம் என்ன, ஆலை கட்டாவிட்டாலும் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வதே லாபமாகிவிட்டது. 1960களின் பிற்பகுதியில் இதை ஆராய்ந்த ஆர். கே. ஹசாரி, பெரிய குழுமங்கள் ஒரே பொருளுக்குப் பல விண்ணப்பங்கள் போட்டதையும், வாங்கிய லைசென்ஸ்களில் பலவற்றைப் பயன்படுத்தாமலே வைத்திருந்ததையும் வெளிக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய சின்ன முதலாளி எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அவர் தொடங்கவே இல்லையே!

எல்லா அனுமதியையும் நான் இதே தட்டில் வைக்கவில்லை. மருந்துக்கும் பாய்லருக்கும் பரிசோதனை வேண்டும். தரம் சரியாக இருந்தால் எத்தனை பேர் வந்தாலும் கொடுப்போம் என்கிற அனுமதி வேறு, இத்தனை பேருக்குத்தான் என்று எண்ணி வைத்த அனுமதி வேறு. இரண்டாவது வகையில்தான் வேட்டை தொடங்குகிறது.

1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு ஆலை லைசென்ஸை ஒழித்தார்கள். ஆனால் இறக்குமதி வரியை ஏற்றச் சொல்லும் மனுக்களும், தரக்கட்டுப்பாடு என்ற பெயரில் வெளிச்சரக்கைத் தடுக்கச் சொல்லும் கோரிக்கைகளும் இன்றும் டெல்லிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த முறை 'உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பு' என்று செய்தி வந்தால், கேட்டவர் யார் என்று பாருங்கள். நூலைத் தயாரிப்பவரா, அந்த நூலை வாங்கித் துணி நெய்பவரா? நூல் ஆலைகள் ஒரு கை எண்ணிக்கையில் இருந்தால் ஒன்றுகூடி மனு போட்டுவிடும். ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கும் தறிக்காரர்கள், விலை ஏறிய பிறகுதான் விஷயத்தையே தெரிந்துகொள்வார்கள்.